வஃபாத் நாளா, செய்தி வந்த நாளா?

திப்பு சுல்தான் ஷஹீதானது 1799 மே 4-ஆம் நாள். அச்செய்தி லண்டனை எட்டியது செப்டம்பரில்தான். பாய்மரக் கப்பலின் வேகம் அவ்வளவே. வடசேரி முதலான நம் ஊர்களிலிருந்து கடல் கடந்து சென்று அங்கேயே வஃபாத்தானவர்களின் செய்தியும் தாமதித்தே வந்தது. வீட்டுக் குறிப்பேட்டிலோ கடிதம் கிடைத்த நாளே வஃபாத் நாளாகப் பதிந்துவிடும்.

இது ஷரீஅத் சட்டத்தையும் தொடுகிறது. கருவுற்றிராத விதவையின் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். நான்கு மத்ஹபுகளின்படியும் அது கணவர் இறந்த நாளிலிருந்தே தொடங்கும். முஹர்ரம் 1-இல் இறந்தவரின் செய்தி ஸஃபர் 20-இல் வந்தால், ஒரு மாதமும் பத்தொன்பது நாளும் கழிந்தே விட்டன. வாரிசுரிமையும் அவ்வாறே: தந்தை அயல்நாட்டில் இறந்தபின், செய்தி வருமுன் இங்கே மகன் இறந்தால், அவர் வாரிசே. செய்தி நாளைக் கொண்டால் அவர் பங்கு பறிபோகும்.

நஜாஷி மன்னர் அபிசீனியாவில் இறந்த அன்றே மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் அதை அறிவித்து, காயிப் ஜனாஸா தொழுவித்தார்கள். அது வஹீயின் சிறப்பு. நாம் தொழும் காயிப் ஜனாஸாவோ செய்தி வந்தபின் தொழுவது. எனவே பழைய ஏட்டில் அத்தொழுகையின் நாளும் வஃபாத் நாளும் ஒன்றாயிருந்தால் ஐயுறுவோம். கடிதத்தின் உள்ளே எழுதிய நாளையும் உறையின் தபால் முத்திரையையும், அடக்கம் செய்த ஊரின் பதிவேட்டையும் ஒப்பிடுவோம். வல்லாஹு அஃலம்.