நாட்பட்ட யானைக்கால் வீக்கமும் விரைவீக்கமும்

நாட்பட்ட யானைக்கால் வீக்கம் என்பது யானைக்கால் புழுக்களால் நிணநீர்க் குழாய்கள் பழுதடைந்த பின்னர், காலிலோ ஆண்களின் விரைப்பையிலோ நீங்காமல் தங்கிவிடும் வீக்கமாகும். காலில் தோன்றுவது யானைக்கால் என்றும், விரையைச் சுற்றி நீர் கோர்ப்பது விரைவீக்கம் அல்லது ஓதம் என்றும் வழங்கப்படுகின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே எனினும் இவற்றிற்குரிய மருத்துவம் முற்றிலும் வேறானது. கால் வீக்கத்தைக் கட்டுக்குள் வைப்பது நாள்தோறும் செய்யும் தூய்மைப் பராமரிப்பு. விரைவீக்கத்தைத் தீர்ப்பது அறுவை மருத்துவம். உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 2.5 கோடி ஆண்கள் விரைவீக்கத்துடனும், 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் கால் முதலிய உறுப்புகளின் வீக்கத்துடனும் வாழ்கின்றனர்.

காஞ்சிபுரம் பகுதியில் இந்நோய்

தமிழ்நாட்டின் வடபகுதியில் காஞ்சிபுரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் நெடுங்காலமாக யானைக்கால் நோய்க்குப் பெயர்பெற்றவை. இங்கு நோயை உண்டாக்குவது வுச்செரேரியா பான்கிராஃப்டி என்னும் இழைபோன்ற புழு. அதனைப் பரப்புவது கியூலெக்ஸ் வகைக் கொசு. உத்திரமேரூர் என்றதும் ஏரியும் ஏரிப்பாசனமும் நினைவுக்கு வருமாதலால், ஏரிநீரே இக்கொசுவுக்கு இடம் தருகிறது என்று கருதுவோர் உண்டு. அது சரியன்று. இக்கொசு தெருச் சாக்கடை, கழிவுநீர்க் குழி, பாழ்கிணறு போன்று அழுக்கு தேங்கிய நீரிலேயே மிகுதியாக முட்டையிடுகிறது.

நோய்ப் பரவலைத் தடுப்பதற்காக ஆண்டுக்கு ஒருமுறை ஊரார் அனைவருக்கும் டைஎதில்கார்பமசின் (டி.இ.சி.), அல்பெண்டசோல் ஆகிய மாத்திரைகளை வழங்கும் முறை இந்தியாவில் பரவலாக மேற்கொள்ளப்பட்டது. வளர்ந்தவர் ஒருவருக்கு டி.இ.சி. 300 மில்லிகிராமும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராமும் ஒரே வேளையில் தரப்பட்டன. இம்மருந்துகள் குருதியிலுள்ள நுண்புழுக்களைக் குறைத்துக் கொசுவின் வழியாகப் பிறருக்கு நோய் செல்வதைத் தடுப்பவை. முன்னரே தடித்துவிட்ட காலை அவை பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. ஆகவே புதிய தொற்று அரிதாகிவிட்ட ஊர்களிலும் பழைய வீக்கத்துடன் வாழும் முதியோர் இருக்கின்றனர். இக்கட்டுரை அவர்களுடைய நிலையைப் பற்றியதாகும்.

வீக்கம் பெருகுவது எவ்வாறு

முதிர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களுக்குள் கூடுகட்டியதுபோல் சுருண்டு 6 முதல் 8 ஆண்டுகள் வரை உயிர்வாழ்கின்றன. அவை தங்கிய குழாய்கள் விரிந்து, உள்ளிருக்கும் அடைப்பிதழ்கள் செயலிழக்கின்றன. மேல்நோக்கிச் செல்லவேண்டிய நிணநீர் காலிலேயே தேங்குகிறது. இவ்வளவில் ஏற்படும் வீக்கம் சிறிதே. அதனை யானையின் காலைப்போல் ஆக்குவது பெரும்பாலும் புழுவன்று, தோலின் வழியே புகும் பாக்டீரியாக்களே.

நிணநீர் தேங்கிய தோல் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலை இழந்திருக்கும். கால்விரல் இடுக்கில் ஏற்படும் சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு, முள் குத்திய காயம் ஆகிய ஏதேனும் ஒன்றின் வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் உட்புகுகின்றன. உடனே குளிர்காய்ச்சலும், தொடையிடுக்கில் நெறிகட்டுதலும், காலில் சூடும் சிவப்பும் கடும் வலியும் தோன்றுகின்றன. சில நாட்களில் இவை தணிந்து தோல் உரியும். ஆயினும் ஒவ்வொரு முறையும் நிணநீர்க் குழாய்கள் மேலும் சிறிது பழுதடைந்து, வீக்கம் முன்பிருந்த அளவுக்குத் திரும்பாமல் நின்றுவிடுகிறது. கிராமங்களில் இதனை யானைக்கால் காய்ச்சல் என்பர். அமாவாசை, பௌர்ணமியையொட்டி இது வருவதாகப் பலர் நம்புகின்றனர். விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

கால் வீக்கத்தை இனங்காணல்

யானைக்கால் வீக்கம் வழக்கமாக ஒரு காலில், புறங்காலிலோ கணுக்காலிலோ தொடங்குகிறது. இரு கால்களிலும் பாதிப்பு இருந்தாலும் அளவில் வேறுபாடு காணப்படும். இரு கால்களும் ஒரே அளவாக வீங்கி, முகமும் அதைத்திருந்தால் சிறுநீரகம் அல்லது இதயக் கோளாற்றை முதலில் ஐயுற வேண்டும். ஒரு கால் ஓரிரு நாளில் திடீரென வலியுடன் வீங்குவது சிரைக்குழாயில் குருதி உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். அதற்கு உடனடி மருத்துவம் தேவை.

பிரேசில் நாட்டு மருத்துவர் ஜெரூசா டிரேயரும் அவருடன் பணியாற்றியோரும் வகுத்த முறையில் கால் வீக்கம் ஏழு நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. முதல் நிலையில் இரவு படுத்தெழுந்தால் வீக்கம் வடிந்துவிடும். இரண்டாம் நிலையில் வடியாது. மூன்றாம் நிலையில் தோலில் ஆழமற்ற மடிப்புகளும், நான்காம் நிலையில் முண்டுகளும், ஐந்தாம் நிலையில் அடி தெரியாத ஆழ்ந்த மடிப்புகளும் தோன்றும். ஆறாம் நிலையில் தோல் பாசி படர்ந்தாற்போல் ஆகும். ஏழாம் நிலையில் நோயாளி பிறர் உதவியின்றித் தம் அன்றாட வேலைகளைச் செய்ய இயலாதவராகிறார். இப்பகுப்பு பராமரிப்பவருக்குப் பெரிதும் பயன்படுவது, ஏனெனில் மடிப்பு ஆழமாக ஆக, கழுவவும் உலர்த்தவும் வேண்டிய மறைவிடங்களும் பெருகுகின்றன.

இரவில் எடுக்கும் குருதியில் நுண்புழு காணப்படவில்லை என்பதால் இது யானைக்கால் நோயன்று என்று முடிவு செய்துவிடக் கூடாது. நாட்பட்ட வீக்கம் உடையோர் பலரின் குருதியில் நுண்புழு இருப்பதில்லை. புழுக்கள் மடிந்த பின்னும் அவை விட்டுச்சென்ற பழுது எஞ்சியிருக்கும்.

காலைத் தூய்மையாக வைத்தல்

உத்திரமேரூர் வட்டாரத்தில் நடவு வேலைக்குச் செல்லும் பெண் ஒருவருக்கு வலக்காலில் மூன்றாம் நிலை வீக்கம் இருப்பதாகக் கொள்வோம். சம்பா நடவின்போது பகல் முழுதும் கால் சேற்றில் ஊறுகிறது. மாலையில் வீடு திரும்பியவர் மேலே ஒட்டிய சேற்றை மட்டும் கழுவிவிட்டு அடுப்பு வேலைக்குச் செல்கிறார். ஈரம் விரலிடுக்கிலேயே தங்கிவிடுகிறது. சில நாட்களில் இடுக்குத் தோல் வெளுத்து, ஊறி, பிளக்கிறது. அடுத்து வருவது காய்ச்சல்.

இவர் செய்ய வேண்டியவை எளியவை. ஒரு வாளித் தண்ணீர், சாதாரணக் குளியல் சோப்பு, மெல்லிய பருத்தித் துணி இரண்டு ஆகியவை போதும். மணையில் அமர்ந்து, நல்ல வெளிச்சத்தில் முதலில் காலைச் சுற்றிலும் பார்க்க வேண்டும்; வெடிப்பும் புண்ணும் எங்குள்ளன என்பதைக் கழுவுவதற்கு முன் அறிந்துகொள்வது நல்லது. நீர் வெந்நீராக இருக்கக் கூடாது. வீக்கம் தொடங்கும் மேற்பகுதியிலிருந்து சோப்பு நுரையைக் கையால் தடவிக் கீழ்நோக்கி வர வேண்டும். ஒவ்வொரு மடிப்பையும் விரித்து, உள்ளே துணியாலோ விரலாலோ மெல்லத் துடைக்க வேண்டும். இறுதியாகக் கால்விரல்களின் இடுக்குகளைத் தனித்தனியே கழுவ வேண்டும். வழியும் நீர் தெளிவாகும் வரை அலச வேண்டும். கல்லாலோ நாராலோ தேய்ப்பதும், அழுக்கைச் சுரண்டுவதும் புதிய வாயில்களைத் திறந்துவிடும்.

இதனினும் முதன்மையானது உலர்த்துதல். பலர் நன்றாகக் கழுவியும் பயன் காணாததற்கு இதுவே காரணம். உலர்ந்த துணியை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. விரலிடுக்குகளில் துணியின் ஓரத்தை நுழைத்து ஈரத்தை எடுக்க வேண்டும். இடுக்கு வெளுத்து ஊறியிருந்தால் பூஞ்சைக்கு எதிரான களிம்பையும், வெடிப்போ காயமோ இருந்தால் பாக்டீரியாவுக்கு எதிரான களிம்பையும் சுகாதார நிலையத்தின் அறிவுரைப்படி மெல்லியதாகத் தடவ வேண்டும். வீக்கமுள்ள கால் மட்டுமின்றி மற்றக் காலையும் கழுவுவது வழக்கமாக வேண்டும். நடவுக் காலத்தில் காலை, மாலை இருவேளையும், ஏனைய நாட்களில் ஒருவேளையேனும் இதனைச் செய்யலாம். அரசுச் சுகாதாரத் துறையினர் நோயாளிகளுக்கு வழங்கும் பராமரிப்புப் பையில் தொட்டி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு ஆகியவை இருப்பது இதன்பொருட்டே.

இரவில் பாயின் கால்மாட்டில் மடித்த புடவையையோ தலையணையையோ வைத்துக் காலை உயர்த்திப் படுத்தால் தேங்கிய நீர் ஓரளவு வடியும். இதயநோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் இவ்வாறு செய்யலாகாது. கணுக்காலைச் சுழற்றுதலும், நின்றவாறு குதிகாலை உயர்த்தி இறக்குதலும் நிணநீரை மேலேற்ற உதவுகின்றன. காஞ்சிபுரம் நெசவாளர்போல் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நெடுநேரம் அமர்வோருக்கு இடையிடையே எழுந்து நடப்பது இன்றியமையாதது. அகன்ற, அழுத்தாத செருப்பு அணிய வேண்டும்.

காய்ச்சல் வந்துவிட்டால் உடற்பயிற்சியை நிறுத்தி, காலை உயர்த்தி ஓய்வெடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்கலாம். பாராசிட்டமாலுடன், மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை முழு நாட்களுக்கும் உட்கொள்ள வேண்டும். டி.இ.சி. மாத்திரையை இச்சமயத்தில் தொடங்குவதில்லை. வெந்நீர் ஒத்தடம், பச்சிலைப் பற்று, கீறி நீர் எடுத்தல் ஆகிய மூன்றும் தீங்கு விளைவிப்பவை. குழப்பமோ மயக்கமோ, ஓயாத வாந்தியோ ஏற்பட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

விரைவீக்கம்

விரையைச் சூழ்ந்த இரட்டைச் சவ்வின் இடையே நீர் சேர்வதே விரைவீக்கம். இது வலியின்றி ஆண்டுக்கணக்கில் மெல்லப் பெருகுவதால் பலர் வேட்டிக்குள் மறைத்தே காலம் கழிக்கின்றனர். மிதிவண்டி ஓட்டுதல், ஏர் உழுதல், மணவாழ்க்கை ஆகியவை தடைபட்ட பின்னரே மருத்துவரை நாடுவோர் மிகுதி.

மருத்துவர் வீக்கத்தின் மேல்விளிம்பை விரல்களால் பற்றிப் பார்ப்பார். வீக்கத்துக்கு மேலே விரல்கள் சேர்ந்தால் அது விரைப்பையிலேயே தொடங்கியது. மேலே செல்ல இயலாமல், இருமும்போது விரிந்து, படுத்தால் உள்ளே சென்றால் அது குடலிறக்கம். இருட்டறையில் பின்புறமிருந்து கைவிளக்கைப் பொருத்தினால் நீர் கோர்த்த பை செந்நிறமாக ஒளிரும். ஆனால் நாட்பட்ட யானைக்கால் நோயில் சவ்வு தடித்திருந்தாலோ, உள்ளிருக்கும் நீர் பால்போல் இருந்தாலோ ஒளி ஊடுருவாது. அப்போது மீயொலிப் படம் தேவைப்படும். கல்போன்று கெட்டியாக இருப்பின் புற்றுநோயையும், திடீரெனக் கடும் வலியுடன் தோன்றினால் விரை முறுக்கத்தையும் ஐயுற வேண்டும். முறுக்கம் சில மணி நேரத்திற்குள் அறுவை செய்யப்பட வேண்டிய அவசர நிலை.

ஊசியால் நீரை வெளியேற்றினால் வீக்கம் உடனே அடங்கும். சுரக்கும் சவ்வு அப்படியே இருப்பதால் நீர் மீண்டும் சேர்வதோடு, ஊசித் துளையின் வழியே கிருமி புகும் இடரும் உண்டு. நிலையான தீர்வு, அச்சவ்வின் பெரும்பகுதியை அறுத்து நீக்குவதாகும். தொற்றோ புண்ணோ இருந்தால் அவை ஆறிய பின்னரே அறுவை செய்யப்படும். பின்னர் சில நாட்கள் புண்ணை உலர்வாக வைத்து, விரைப்பையைத் தாங்கும் இறுக்கமான உள்ளாடை அணிந்து, பளு தூக்காதிருக்க வேண்டும்.

விரைப்பையின் தோலே தடித்து மடிந்தோ, சிறு கொப்புளங்களிலிருந்து நிணநீர் கசிந்தோ இருப்பது வேறு நிலை. இதற்குச் சாதாரண விரைவீக்க அறுவை ஏற்றதன்று; தோலையும் சீரமைக்கத் தேர்ந்த மருத்துவரிடம் அனுப்பப்படுகிறது. அதுவரை கால் போன்றே இதனையும் நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவி, அடிப்புற மடிப்புகளையும் தொடையோடு உரசும் இடங்களையும் ஒற்றி உலர்த்த வேண்டும். கசிவு இருப்பவர்கள் ஈரம் உறிஞ்சும் பருத்தித் துணியை உள்ளே வைத்து, அது நனைந்தவுடன் மாற்றிக்கொள்ள வேண்டும்.