செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கப் போறீங்களா? ஷட்டர் கவுண்ட், சென்சார், லென்ஸ்... பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை என்னென்ன?

சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில், பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு பறவையையும் பனிமூட்டத்தையும் படம் எடுப்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். ஆசைக்காகப் படம் எடுக்கும் இவர்களில் பலர் முதலில் தேடுவது செகண்ட் ஹேண்ட் கேமராவைத்தான்.

ஆனால் பழைய கேமராவில் ஒரு சிக்கல் இருக்கு. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே தேய்ந்திருக்கும். அதிலும் மலைப்பகுதியில் இருந்த கேமரா என்றால் லென்ஸைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கணும். வாங்கும் இடத்திலேயே இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஷட்டர் கவுண்ட் என்றால் என்ன?

பைக்குக்கு கிலோமீட்டர் எப்படியோ, கேமராவுக்கு ஷட்டர் கவுண்ட் அப்படி. ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் சென்சாருக்கு முன்னால் இருக்கும் மெல்லிய திரை ஒருமுறை திறந்து மூடும். அது இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதே இந்த எண்.

நிக்கான் டி7200 மாடலை எடுத்துக்கொள்வோம். 2015-ல் வந்த இந்த கேமராவின் ஷட்டரை 1,50,000 முறை இயக்கிச் சோதித்ததாக நிறுவனம் சொல்கிறது. விற்பவர் காட்டும் கேமராவில் கவுண்ட் 64,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 86,000. மாதம் 500 படம் எடுப்பவருக்கு ஆண்டுக்கு 6,000 தான் ஆகும். கணக்குப்படி 14 ஆண்டுகள் தாங்கும். அதே கேமராவில் கவுண்ட் 1,40,000 என்றால், ஷட்டர் மாற்றும் செலவை சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டு, விலையில் கழித்துப் பேசுவதே புத்திசாலித்தனம்.

ஒன்றை மறக்கக் கூடாது. 1,50,000 என்பது உத்தரவாதம் இல்லை. அதற்கு முன்பே போன ஷட்டரும் உண்டு, அதைத் தாண்டி ஓடும் ஷட்டரும் உண்டு.

எப்படிப் பார்ப்பது?

நிக்கான் கேமராக்களில் இந்த எண் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிவாகிறது. உங்கள் மெமரி கார்டைப் போட்டு ஒரு படம் எடுங்கள். அந்த ஃபைலை லேப்டாப்பில் போட்டு, எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் இந்த ஒரு வரியைக் கொடுத்தால் போதும்:

```
exiftool -ShutterCount -SerialNumber DSC_2316.JPG
```

ஷட்டர் கவுண்டுடன் சீரியல் எண்ணும் வரும். அது கேமராவின் அடிப்பகுதியிலும் பில்லிலும் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அந்த கேமராவை விட்டுவிடுவது நல்லது.

விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை வைத்துப் பார்க்க முடியாது. அங்கே படம் சுருங்கும்போது இந்தத் தகவல் அழிந்துவிடும். அதேபோல ஃபைல் பெயரில் 2316 என்று இருப்பதால் 2,316 படம்தான் எடுத்திருக்கிறார்கள் என்று நம்பிவிடாதீங்க. 9999-க்குப் பிறகு அந்த எண் மறுபடியும் 0001-ல் தொடங்கிவிடும்.

கேனானின் பெரும்பாலான டிஎஸ்எல்ஆர் மாடல்கள் இந்த எண்ணைப் படத்தில் எழுதுவதில்லை. கேமராவை யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, அதற்கான மென்பொருளில்தான் பார்க்கணும். மேலும், வீடியோவுக்கே அதிகம் பயன்பட்ட கேமராவில் கவுண்ட் குறைவாகவே காட்டும். மணிக்கணக்கில் வீடியோ ஓடினாலும் ஷட்டர் இயங்குவது மிகக் குறைவு என்பதே காரணம்.

சென்சாரை வானத்தை வைத்துச் சோதிக்கலாம்

சென்சாரில் தூசி இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது கடினம். பகல் வெளிச்சத்தில் கேமராவை f/16-ல் வைத்து, ஐஎஸ்ஓ 100-க்குக் குறைத்து, ஃபோகஸ் இல்லாமல் வெறும் வானத்தைப் படம் எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி மூலை முடுக்கெல்லாம் பாருங்கள். மங்கலான கரும்புள்ளிகள் தெரிந்தால் அது தூசி. லென்ஸை மாற்றி எடுத்தாலும் அதே இடத்தில் புள்ளி வந்தால், பிரச்னை லென்ஸில் இல்லை, சென்சாரில்தான்.

நாலைந்து புள்ளிகளுக்காகப் பயப்பட வேண்டாம், சுத்தம் செய்தால் போய்விடும். ஆனால் கோடு போல நீண்ட அடையாளம் கீறலாக இருக்கலாம், அது போகாது. சுத்தம் செய்த சில நூறு படங்களிலேயே மறுபடி புள்ளி வந்தால் அதுவும் கவலைக்குரியது. 2012-ல் வந்த நிக்கான் டி600 இதற்குப் பெயர் போன உதாரணம். அதில் படத்தில் புள்ளிகள் விழுவதாகப் புகார்கள் குவிந்தன. 2014-ல் நிக்கான் நிறுவனமே இலவசமாக ஷட்டரை மாற்றிக் கொடுத்தது. டி600 வாங்குபவர்கள் அந்த வேலை நடந்ததா என்று கேட்பது அவசியம்.

அடுத்து, லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு ஐஎஸ்ஓ 800-ல் 1/60 நொடிக்கு ஒரு படம் எடுங்கள். முழுக் கறுப்பாக வரணும். சிவப்பு, நீலம், வெள்ளை எனப் பளிச்சென்று நிறையப் புள்ளிகள் தெரிந்தால், அவை பழுதான பிக்சல்கள். அதே சோதனையை 30 நொடிக்கு வைத்துச் செய்தால் சில புள்ளிகள் வருவது இயல்புதான்.

லென்ஸில் டார்ச் அடித்துப் பாருங்கள்

ஏற்காடு பகுதியில் மழைக்காலத்தில் மூடுபனி நாள்கணக்கில் நிற்கும். காற்றில் ஈரப்பதம் அதிகம். இப்படிப்பட்ட இடத்தில் லென்ஸைத் தோல் பையிலேயே மாதக்கணக்கில் பூட்டி வைத்தால், உள்ளே பூஞ்சை பிடிக்கும். போட்டோகிராஃபர்கள் இதை ஃபங்கஸ் என்பார்கள்.

லென்ஸைக் கழற்றி, துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடியுங்கள். முன்பக்கத்தில் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். அங்கங்கே தூசித் துகள் தெரிவது எல்லா லென்ஸிலும் உள்ளதுதான். சிலந்தி வலை போலவோ, மரக்கிளை போலவோ மெல்லிய இழைகள் பிரிந்து போனால் அது பூஞ்சை. கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியது போல மங்கலாக இருந்தால், வெயிலுக்கு எதிரே எடுக்கும் படங்கள் வெளுத்துப் போகும்.

ஆரம்பத்தில் இருக்கும் பூஞ்சையைப் பிரித்துச் சுத்தம் செய்யலாம். நாள்பட்டால் அது கண்ணாடி மேல் இருக்கும் பூச்சையே அரித்துவிடும். அந்தத் தழும்பு எவ்வளவு துடைத்தாலும் போகாது.

இதில் ஏமாறும் இடமும் ஒன்று இருக்கு. குளிரான ஏற்காட்டிலிருந்து இறங்கி, சூடான சமவெளியில் லென்ஸை வெளியே எடுத்தால் கண்ணாடி மேல் பனி படியும். இது பழுது இல்லை. பையை மூடியபடி அரைமணி நேரம் விட்டுவிட்டு, பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடைசியாக, செங்கல் சுவரை நேராக நின்று ஒரு படம் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் தெளிவாகவும் எதிர்ப்பக்கம் மங்கலாகவும் இருந்தால், லென்ஸ் கீழே விழுந்து கண்ணாடி நகர்ந்திருக்கலாம்.

வாங்கிய பிறகு?

காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு கேமராவை வையுங்கள். மீட்டர் 40 முதல் 50 சதவீதம் காட்டினால் சரி. 60-ஐத் தாண்டினால் சிலிக்கா ஜெல்லை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.