மரப் போர்க்கப்பல்களின் முடிவு

இரண்டு மூன்று தட்டுகளில் பீரங்கிகளை வரிசையாகச் சுமந்து, காற்றின் துணையால் ஓடிய மரப் போர்க்கப்பல்களே பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஐரோப்பியக் கடற்படைகளின் பலமாக இருந்தன. எதிரிக் கப்பலுக்கு எதிராக ஒரே வரிசையில் நின்று சுடுவதற்கென்று கட்டப்பட்டதால் இவை ‘வரிசைக் கப்பல்கள்’ எனப்பட்டன. 1861க்குப் பிறகு பிரிட்டன் கவசமற்ற புதிய வரிசைக் கப்பல் எதையும் கட்டத் தொடங்கவில்லை. இந்த மாற்றத்துக்கு நீராவி எஞ்சின், வெடிகுண்டு எறியும் பீரங்கி, இரும்பு உடல் ஆகிய மூன்றும் காரணங்கள். ஆனால் மூன்றில் எதுவும் தனித்து நின்று பாய்மரப் படையை வீழ்த்தவில்லை. ஒன்று எழுப்பிய சிக்கலுக்கு மற்றொன்று விடையாக வந்தது. அந்தக் கணக்கு முடிய சுமார் நாற்பது ஆண்டுகள் ஆயின.

வெடிகுண்டு

பழைய கடற்போரில் பீரங்கிகள் எறிந்தது திட இரும்பு உருண்டை. அது கப்பலின் பக்கச் சுவரைத் துளைத்தாலும், தடித்த ஓக் பலகையின் நார்கள் பின்னால் மீண்டு துளையை ஓரளவு சுருக்கிவிடும். கப்பல் தச்சர்கள் கூம்பு வடிவ மர ஆப்புகளோடு காத்திருந்து மீதியை அடைப்பார்கள். அதனால் பெரிய கப்பல் ஒன்று நூற்றுக்கணக்கான குண்டுகள் வாங்கியும் மிதந்துகொண்டிருக்கும். ஆட்கள் செத்தோ பாய்மரங்கள் முறிந்தோ சரணடைந்த கப்பல்களோடு ஒப்பிட்டால், சுட்டே மூழ்கடிக்கப்பட்டவை குறைவு.

உள்ளே வெடிமருந்து நிரப்பிய கூடு குண்டு புதிதல்ல. குட்டைக் குழல் பீரங்கிகளில் வைத்து, வானத்தை நோக்கி எறிந்து, கோட்டைகளுக்குள் விழச் செய்வது வழக்கம். அதையே நீள்குழல் பீரங்கியிலிருந்து, கிடைமட்டமாக, நேரே எதிரிக் கப்பலின் விலாவில் பாய்ச்சலாம் என்று வாதாடியவர் பிரெஞ்சு பீரங்கிப் படை அதிகாரி ஆன்ரி-ஜோசப் பெக்சான். கூடு குண்டு உறுதியற்றது. அதிக மருந்தில் சுட்டால் குழலுக்குள்ளேயே சிதறிவிடும். ஆகவே குறைந்த மருந்தில் சுடக்கூடிய, அகன்ற குழலுள்ள பீரங்கியை அவர் வடிவமைத்தார். குண்டின் அடியில் ஒரு மரக் கட்டை கட்டப்பட்டிருக்கும். திரி எப்போதும் குழலின் வாயைப் பார்த்தே இருக்கும்படி அது பார்த்துக்கொள்ளும். சுடும்போது குண்டைச் சுற்றிப் பாயும் தீப்பிழம்பே திரியைப் பற்றவைத்துவிடும்.

1824இல் பிரெஸ்ட் துறைமுகத்தில் ‘பசிஃபிகாத்தர்’ என்ற பழைய வரிசைக் கப்பலை இலக்காக நிறுத்திச் சோதித்தார்கள். குண்டு பலகைக்குள் புதைந்து வெடித்தபோது ஏற்பட்டது வட்டத் துளை அல்ல, ஆப்பு எதனாலும் அடைக்க முடியாத பிளவு. கூடவே தீயும் புகையும் கிளம்பின. தாரும் கயிறும் வர்ணமும் காய்ந்த மரமுமாக இருந்த கப்பலுக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. 1830களின் பிற்பகுதியில் பிரான்சும் பிரிட்டனும் இந்தப் பீரங்கியை ஏற்றுக்கொண்டன. ஆனாலும் கப்பலில் இருந்த பீரங்கிகளில் ஒரு பகுதியே இவ்வகையாக இருந்தது. தூரம் குறைவு, திரி பல முறை பொய்த்துவிடும், தன் கப்பலுக்குள்ளேயே வெடித்துவிடுமோ என்ற பயம் வேறு.

நீராவி

நீராவி எஞ்சின் காற்றில்லாத நாளிலும் கப்பலை நகர்த்தியது. அப்படியிருந்தும் போர்க்கப்பல்களில் அது தாமதமாகவே நுழைந்ததற்கு அதிகாரிகளின் பழமைப்பிடிப்பு மட்டும் காரணம் என்று எழுதுவது நியாயமல்ல. முதல் நீராவிக் கப்பல்கள் இரு பக்கமும் துடுப்புச் சக்கரங்களோடு வந்தன. பீரங்கிகள் நிற்க வேண்டிய நடுப்பகுதியைச் சக்கரங்கள் பிடித்துக்கொண்டன. எஞ்சினின் ஒரு பகுதி நீர்மட்டத்துக்கு மேலே இருந்தது. ஒரு குண்டு பட்டால் சக்கரமோ எஞ்சினோ போய்விடும்.

இதை மாற்றியது பின்பக்கம் நீருக்கடியில் சுழலும் புரொப்பல்லர். 1845இல் பிரிட்டிஷ் கடற்படை, புரொப்பல்லர் பொருத்திய ‘ராட்லர்’ கப்பலையும் துடுப்புச் சக்கரம் பொருத்திய ‘அலெக்டோ’ கப்பலையும் பின்புறமாகப் பிணைத்து எதிரெதிர்த் திசையில் இழுக்கவிட்டது. அலெக்டோவின் சக்கரங்கள் முழு வேகத்தில் சுழன்றும், ராட்லர் அதை மணிக்கு இரண்டரை கடல் மைல் வேகத்தில் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. இந்தக் காட்சியே தீர்ப்பு என்று பல நூல்கள் சொல்லும். உண்மையில் கடற்படை அதற்குள் புரொப்பல்லர் கப்பல்களுக்கு உத்தரவிட்டிருந்தது. கயிறிழுப்பு அதைப் பொதுமக்களுக்குக் காட்டியது என்பதே பொருத்தம். எஞ்சின் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டது, பக்கங்கள் மீண்டும் பீரங்கிகளுக்குக் கிடைத்தன. 1850இல் பிரான்ஸ் வெள்ளோட்டம் விட்ட ‘நெப்போலியன்’ தொடக்கத்திலிருந்தே நீராவிக்கென்று திட்டமிடப்பட்ட 90 பீரங்கி வரிசைக் கப்பல். அதை வடிவமைத்தவர் டுப்புயி டெ லோம்.

சினோப்பும் கின்பர்னும்

1853 நவம்பர் 30 அன்று கருங்கடலின் தென்கரையில் உள்ள சினோப் துறைமுகத்தில், அட்மிரல் நக்கிமோவ் தலைமையிலான ஆறு ரஷ்ய வரிசைக் கப்பல்கள் ஓட்டோமான் படைப்பிரிவு ஒன்றைத் தாக்கின. ஓட்டோமான் பக்கம் வரிசைக் கப்பல் ஒன்றுகூட இல்லை. ஃபிரிகேட் முதலிய சிறியவையே இருந்தன. சில மணி நேரத்தில் ஒன்றைத் தவிர எல்லாம் எரிந்தன, அல்லது கரை தட்டின. ஓட்டோமான் தரப்பில் இறந்தவர்கள் மூவாயிரம் அளவில் என்று கணக்கிடப்படுகிறது. ரஷ்யர்கள் நாற்பதுக்கும் குறைவு.

‘வெடிகுண்டின் வெற்றி’ என்று இது பேசப்பட்டது. கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், அவ்வளவு பெரிய பலவித்தியாசத்தில் திட குண்டுகளாலும் ரஷ்யர்கள் வென்றிருப்பார்கள். வெடிகுண்டு தந்தது வெற்றியை அல்ல, முழு அழிவை. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: வென்றவை பாய்மரக் கப்பல்கள், தோற்ற தரப்பில் தப்பியது ‘தாயிஃப்’ என்ற நீராவிக் கப்பல் ஒன்றுதான்.

அடுத்த ஆண்டு பிரிட்டனும் பிரான்சும் ஓட்டோமான் பக்கம் போரில் இறங்கின; அக்டோபர் 17 அன்று அவற்றின் மரக் கப்பல்கள் ரஷ்யாவின் செவாஸ்தபோல் கோட்டைகளோடு மோதின. பாய்மரக் கப்பல்களை நீராவிக் கப்பல்களின் பக்கத்தில் கட்டி இழுத்துப்போய் நிறுத்த வேண்டியிருந்தது. கோட்டைகளுக்குப் பெரிய சேதமில்லை; கப்பல்கள் பல தீப்பற்றித் திரும்பின. வெடிகுண்டைத் தாங்கவென்று பிரான்சில் மூன்றாம் நெப்போலியனின் அரசு இரும்புத் தகடு போர்த்திய மிதக்கும் பீரங்கி மேடைகளைக் கட்டியது. அவற்றில் ‘தேவஸ்டாசியோன்’, ‘லாவ்’, ‘டோனாண்ட்’ என்ற மூன்றும் மர உடலின் மேல் நான்கு அங்குலத்துக்கும் சற்றே மிகுந்த தடிமனில் தேனிரும்புத் தகடு கொண்டவை. எஞ்சின் இருந்தும் நான்கு நாட் வேகத்தைக்கூட எட்ட முடியாத, பார்க்க அழகற்ற பெட்டிகள்.

1855 அக்டோபர் 17 அன்று, தினீப்பர் நதி முகத்துவாரத்தில் உள்ள கின்பர்ன் கோட்டைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் நெருங்கி அவை சுட்டன. தேவஸ்டாசியோன் மீது மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. தகட்டில் பள்ளம் விழுந்ததோடு சரி. இறந்தவர்கள் இரண்டு பேர். பீரங்கி வாய்களின் திறப்பு வழியாக உள்ளே புகுந்த குண்டுகளே சேதம் செய்தன. கூடு குண்டுகள் தகட்டில் மோதிய உடனே நொறுங்கின. அன்று மதியத்துக்குப் பின் கோட்டை சரணடைந்தது. சினோப்பைவிட இந்த நாளுக்கே அதிக எடை தர வேண்டும். மரத்துக்கு எமனாக இருந்த வெடிகுண்டுக்கு மாற்று இருக்கிறது என்று காட்டியது கின்பர்ன்தான்.

ஏன் முழுவதும் இரும்பு

மரக் கப்பலின் மேல் தகடு போர்த்தினால் போதாதா? பிரான்ஸ் அதைத்தான் செய்தது. டுப்புயி டெ லோம் வடிவமைத்து 1859இல் வெள்ளோட்டம் கண்ட ‘குளுவார்’ மர உடலின் மேல் சுமார் 12 சென்டிமீட்டர் கவசம் கொண்டது. அந்நாட்டு இரும்பு ஆலைகளால் அவ்வளவு பெரிய இரும்பு உடலுக்கான பொருளைத் தர இயலாததும் ஒரு காரணம்.

ஆனால் மரத்துக்கு நீளத்தில் ஓர் எல்லை உண்டு. மரத் துண்டுகளை இணைத்துச் செய்த உடல் நீள நீள, அலையின் மேல் நடுப்பகுதி தூக்கி, முனைகள் தொங்கிப்போகும். பொருத்துகள் இளகும், நீர் கசியும். எஞ்சினின் அதிர்வு அதை மோசமாக்கும். 1858இல் பிரிட்டன் வெள்ளோட்டம் விட்ட ‘மெர்சி’, ‘ஓர்லாண்டோ’ என்ற மிக நீண்ட மர ஃபிரிகேட்டுகள் இந்த நோயால் அவதிப்பட்டன. வேகம் வேண்டுமானால் நீளம் வேண்டும், கவசத்தையும் எஞ்சினையும் சுமக்கவும் நீளம் வேண்டும். மரம் இதற்கு ஒத்துவரவில்லை.

இரும்பு உடலுக்கும் குறைகள் உண்டு. திசைகாட்டி தடுமாறியது, அதைச் சரிசெய்யும் முறையை வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1838இல் காட்டினார். மரக் கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்தால் பாசியும் சிப்பியும் ஒட்டாது. இரும்பில் செம்பைத் தொட்டு வைத்தால் உப்பு நீரில் இரும்பு அரித்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் மரம் கடைசிவரை மேலாகவே இருந்தது.

பிரிட்டனின் பதில் ‘வாரியர்’. 1860 டிசம்பர் 29 அன்று லண்டனில் அதை நீரில் இறக்கியபோது கடுங்குளிரில் கப்பல் சறுக்குப் பாதையோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. இழுவைப் படகுகளும் நீரழுத்தக் கருவிகளும் சேர்ந்தே அதை அசைத்தன. முழு இரும்பு உடல், நாலரை அங்குலத் தேனிரும்புக் கவசம், அதன் பின்னால் அதிர்ச்சியை உள்வாங்க 18 அங்குலத் தேக்கு. நீராவியில் 14 நாட் வேகம். கவசம் நடுப்பகுதியை மட்டுமே மூடியது, முனைகளை நீர்புகாத அறைகளாகப் பிரித்திருந்தார்கள். அது கடலில் இறங்கியதும் அதுவரை இருந்த வரிசைக் கப்பல்கள் அனைத்தும் ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் நின்றன.

1862 மார்ச்சில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஹாம்ப்டன் ரோட்ஸ் சண்டை இதைப் போரிலேயே மெய்ப்பித்தது. மார்ச் 8 அன்று தென் மாநிலக் கூட்டமைப்பின் கவசக் கப்பல் ‘விர்ஜினியா’, ‘கம்பர்லாண்ட்’ என்ற மரக் கப்பலை முட்டி மூழ்கடித்தது, ‘காங்கிரஸ்’ கப்பலை எரித்தது. மறுநாள் வட தரப்பின் கவசக் கப்பல் ‘மானிட்டர்’ எதிர்த்து நின்றது. சுமார் நான்கு மணி நேரம் அருகருகே நின்று சுட்டும் ஒன்றின் கவசத்தை மற்றொன்றால் துளைக்க முடியவில்லை. மரக் கப்பல்களை நினைத்து வந்த விர்ஜினியாவிடம் பெரும்பாலும் வெடிகுண்டுகளே இருந்தன; அவை மானிட்டரின் கோபுரத்தில் உடைந்து சிதறின.

பாய் மட்டும் நீடித்தது

மரம் போன பின்னும் பாய் போகவில்லை. அக்கால எஞ்சின்கள் கடல்நீரையே கொதிக்கவைத்துக் குறைந்த அழுத்தத்தில் இயங்கின, நிலக்கரியை விழுங்கின. வாரியர் முழுப் பாய்களையும் சுமந்தது. பாயில் ஓடும்போது நீரில் இழுவை குறைய, 26 டன் எடையுள்ள புரொப்பல்லரை நூற்றுக்கணக்கான மாலுமிகள் கயிறு பிடித்து மேலே தூக்க வேண்டும்.

கவசமும் கனத்த கோபுரப் பீரங்கிகளும் உயரமான பாய்மரங்களும் ஒரே கப்பலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1870 செப்டம்பர் 7 விடை தந்தது. பிரிட்டனின் ‘கேப்டன்’ ஸ்பெயினின் ஃபினிஸ்டெர் முனைக்கு அப்பால் புயலில் கவிழ்ந்து, வடிவமைப்பாளர் கௌப்பர் கோல்ஸ் உட்பட சுமார் 480 பேர் இறந்தனர். 1873இல் பணியில் சேர்ந்த பிரிட்டனின் ‘டெவஸ்டேஷன்’ பாய் எதுவுமின்றி ஆழ்கடலுக்குச் செல்லத் தக்க முதல் பெரிய போர்க்கப்பல்.