ஃபாத்திமியக் கலீஃபகம்

ஃபாத்திமியக் கலீஃபகம் (909–1171): வட ஆப்பிரிக்காவில் தோன்றி, பின்னர் எகிப்திலிருந்து ஆண்ட இஸ்மாயிலி ஷியா அரசு. நபிகளாரின் மகள் ஃபாத்திமாவின் வழியில் வந்த இமாம்களே உண்மையான கலீஃபாக்கள் என்று கூறி, பாக்தாதின் அப்பாசியரை இது எதிர்த்தது.

இவ்வரசைப் பிறப்பித்தது ‘தஅவா’ எனும் அழைப்புப் பணி. அதன் பரப்புநர் ‘தாயி’ எனப்பட்டார். அபூ அப்துல்லாஹ் என்ற தாயி, மக்காவில் குத்தாமா பெர்பர் பழங்குடிப் பயணிகளைச் சந்தித்து, 893இல் அவர்களுடைய மலைநாட்டை அடைந்தார். அவர்களைப் படையாகத் திரட்டி, வட ஆப்பிரிக்காவில் நடந்த அக்லபிய ஆட்சியை 909இல் வீழ்த்தினார். முதல் கலீஃபாவாக அரியணை ஏறிய இமாம் அல்-மஹ்தி, ஈராண்டுக்குள் அவரையே கொல்வித்தார்.

969இல் தளபதி ஜவ்ஹர் எகிப்தைக் கைப்பற்றிக் கெய்ரோவை நிறுவினார். அங்கே தலைமைத் தாயியின் பொறுப்பில் ‘ஞான அமர்வுகள்’ நடந்தன. உறுதிமொழி எடுத்தவர்களுக்கே உட்பொருள் விளக்கம் கற்பிக்கப்பட்டது. அப்பாசியர் நிலங்களில் தாயிகள் மறைவாக இயங்கினர். எகிப்திய முஸ்லிம்களில் பெரும்பாலோர் சுன்னிகளாகவே நீடித்தனர்.

1094இல் கலீஃபா அல்-முஸ்தன்சிர் இறந்ததும், மூத்த மகன் நிசாரை விலக்கி இளைய மகன் அல்-முஸ்தஅலியை அமைச்சர் அல்-அஃப்தல் அரியணையில் அமர்த்தினார். பாரசீகத்தின் அலமூத் கோட்டையிலிருந்த தாயி ஹசன் சப்பாஹ் நிசாரை ஆதரித்ததால் பாரசீகத் தாயிகள் பிரிந்தனர்.

1171இல் சலாஹுத்தீன் கலீஃபகத்தை ஒழித்தார். ஆயினும் தாயிகளின் மரபு தொடர்ந்தது: ஆகா கானைப் பின்பற்றுவோர் நிசாரி கிளையினர், குஜராத்தின் போராக்கள் முஸ்தஅலி கிளையினர்.