திருகோணமலை எண்ணெய்க் குதங்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடாவில் பிரித்தானியக் கடற்படை அமைத்த எரிபொருள் சேமிப்புத் தொட்டிகள் திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் எனப்படுகின்றன. இவை இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கட்டப்பட்டவை. மொத்தம் 101 குதங்களில் இன்று 99 நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலிட்டர் கொள்ளும். ஏறக்குறைய 850 ஏக்கர் பரப்பில், கரையோரத்தில் கீழ்த் தொகுதியாகவும் காட்டுக்குள் மேல் தொகுதியாகவும் இவை பரந்து கிடக்கின்றன.

எண்ணெய் அரசியலின் வரலாறு பெரும்பாலும் ஈரான், ஈராக், சவூதி அரேபியா போன்ற கிணறுள்ள நாடுகளை வைத்தே சொல்லப்படுகிறது. இலங்கையில் வணிக அளவில் எண்ணெய் எடுக்கப்பட்டதே இல்லை. ஆனாலும் இந்தத் தொட்டிகளுக்காகவும், அவற்றிலிருந்து எண்ணெயை விற்கும் உரிமைக்காகவும் பிரித்தானியா, ஜப்பான், அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகள் வெவ்வேறு காலங்களில் இத்தீவின் மீது கை வைத்தன.

தோற்றம்

முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறத் தொடங்கியது. எண்ணெயில் ஓடும் கப்பல் வேகமாகச் செல்லும். குறைந்த ஆட்களே போதும். நடுக்கடலில்கூட எரிபொருள் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் நிலக்கரி பிரித்தானியாவின் சொந்த மண்ணில் கிடைத்தது, எண்ணெய் கிடைக்கவில்லை. இந்தக் குறையை ஈடுகட்டவே 1914இல், கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலின் முயற்சியால், பாரசீகத்தில் எண்ணெய் எடுத்த ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கைப் பிரித்தானிய அரசு வாங்கியது. ஒரு வல்லரசு தன் படைக்கு வேண்டிய எண்ணெய்க்காக வேறொரு நாட்டின் நிலத்தடி வளத்தில் நேரடிப் பங்காளியானது அப்போதுதான்.

கிணறு கைக்கு வந்தால் மட்டும் போதாது. பாரசீக வளைகுடாவிலிருந்து சிங்கப்பூர் வரை நீளும் கடல்வழியில் போர்க்கப்பல்கள் இடையிடையே எண்ணெய் நிரப்பியாக வேண்டும். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றான திருகோணமலை அந்த வழியின் நடுவே இருந்தது. அங்கே தேக்கி வைக்கப்பட்டது கப்பல் கொதிகலன்களில் எரிக்கும் கனமான உலை எண்ணெய். தொட்டிகளை ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டவில்லை. ஒன்று தீப்பற்றினால் மற்றவற்றுக்குப் பரவாதபடியும், வானிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் புலப்படாதபடியும் மரங்களுக்கிடையே விலக்கி விலக்கி எழுப்பினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிழக்குக் கப்பற்படையின் தலைமைக் கப்பலாக இருந்த வார்ஸ்பைட், தொட்டி நிறைய ஏற்றினால் சுமார் 3,500 டன் எண்ணெய் கொள்ளும். ஒரே ஒரு குதத்தில் இருப்பதைக் கொண்டு அத்தகைய மூன்று போர்க்கப்பல்களை நிரப்பி அனுப்பலாம். இப்படி நூற்றுக்கு மேல் குதங்கள் கட்டியதிலிருந்தே எவ்வளவு பெரிய கப்பற்படையை மனத்தில் வைத்திருந்தார்கள் என்பது புரியும்.

1942 ஏப்ரல் 9

ஜப்பான் போரில் இறங்கியதற்கும் எண்ணெய் ஒரு முதன்மைக் காரணம். தனக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதியை அமெரிக்காவிடமிருந்து வாங்கி வந்த அந்த நாடு, 1941இல் அமெரிக்கா விற்பனையை நிறுத்தியதும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெய் வயல்களைப் படைபலத்தால் பிடிக்க முடிவு செய்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபின் பிரித்தானியக் கிழக்குக் கப்பற்படைக்கு இலங்கையே முன்னணித் தளமாயிற்று.

தளபதி நகுமோ தலைமையிலான ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் ஏப்ரல் 5 அன்று கொழும்பையும், 9ஆம் தேதி திருகோணமலையையும் தாக்கின. முன்னெச்சரிக்கையால் துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அன்றைய தாக்குதலில் ஜப்பானிய விமானம் ஒன்று 91ஆம் எண் குதத்தில் மோதியது. உள்ளிருந்த எண்ணெய் ஒரு வாரம் எரிந்ததாகச் சொல்லப்படுகிறது. தடித்த எஃகுத் தகடுகள் வெப்பத்தில் இளகி உள்நோக்கி மடிந்தன. துருவேறிச் சுருண்ட அந்தச் சுவரை இன்றும் காட்டுக்குள் காணலாம். பக்கத்துக் குதங்களுக்குத் தீ பரவவில்லை. விலக்கிக் கட்டியவர்களின் கணக்கு சரியாகவே இருந்தது. கப்பல்களைக் காப்பதற்குத்தான் அந்தக் கணக்கு உதவவில்லை. கப்பற்படையின் பெரும்பகுதி ஆப்பிரிக்கக் கரையின் கிலிண்டினிக்குப் பின்வாங்கியது.

இழந்த இன்னொரு குதமும் விமானம் மோதித்தான் அழிந்தது. அது விடுதலைக்குப் பிந்தைய விபத்து.

விற்கும் உரிமை யாருக்கு?

1948இல் இலங்கை விடுதலை பெற்ற பிறகும் திருகோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியரிடமே இருந்தது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பிரதமரானபின், 1957 அக்டோபரில் தளம் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த கேள்வி, நாட்டுக்குள் எண்ணெய் விற்பவர் யார் என்பது. ஷெல், கால்டெக்ஸ், எஸ்ஸோ ஆகிய மூன்று வெளிநாட்டு நிறுவனங்களே இறக்குமதி, சேமிப்பு, விற்பனை மூன்றையும் வைத்திருந்தன. விலையும் அவை வைத்ததுதான்.

இந்த ஏற்பாட்டை உடைக்க 1960 வாய்ப்பளித்தது. சோவியத் ஒன்றியம் மலிவு விலையில் எண்ணெய் விற்க முன்வந்திருந்தது. இந்தியாவில் எண்ணெய்த்துறை அமைச்சர் கே. டி. மாளவியா அந்த எண்ணெயைச் சுத்திகரிக்கக் கேட்டபோது வெளிநாட்டு நிறுவனங்கள் மறுத்தன. பிறகு தங்கள் விலையைக் குறைத்தன. கியூபாவில் இதே மறுப்பு சுத்திகரிப்பு ஆலைகளின் நாட்டுடைமையாக்கலில் போய் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுவனங்கள் வளைகுடா எண்ணெயின் அறிவிப்பு விலையைக் குறைத்ததால் வருவாய் இழந்த நாடுகள், செப்டம்பரில் பாக்தாத்தில் கூடி ஒபெக் அமைப்பைத் தொடங்கின.

சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு 1961இல் சட்டம் இயற்றி இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. வர்த்தக அமைச்சர் டி. பி. இலங்கரத்ன இதை முன்னின்று நடத்தினார். நிறுவனங்களின் எல்லாச் சொத்துகளையும் அரசு ஒரேயடியாக எடுத்துக்கொள்ளவில்லை. சோவியத் எண்ணெய் வந்து இறங்கினால் தேக்கவும் விற்கவும் இடம் வேண்டும் என்பதால், 1962 ஏப்ரலில் விற்பனை நிலையங்களிலும் சேமிப்பு வசதிகளிலும் ஒரு பகுதியை மட்டும் கையகப்படுத்தியது. இழப்பீடு உண்டு என்று சட்டமே கூறியது. எவ்வளவு என்பதில்தான் தகராறு. சொத்தின் மதிப்பில் தேய்மானம் போக மீதியை அரசு கணக்கிட்டது. நடந்துகொண்டிருக்கும் வணிகத்தின் சந்தை மதிப்பை நிறுவனங்கள் கேட்டன.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் அந்த ஆண்டு ஹிக்கன்லூப்பர் திருத்தம் நிறைவேறியிருந்தது. அமெரிக்கர் சொத்தை எடுத்துக்கொள்ளும் நாடு ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டுக்குத் தக்க நடவடிக்கை எடுக்காவிட்டால் உதவியை நிறுத்தியே ஆக வேண்டும் என்றது அது. பிரேசிலில் ஒரு தொலைபேசி நிறுவனம் கையகப்படுத்தப்பட்ட கோபத்தில் பிறந்த இச்சட்டம் முதன்முதலில் பாய்ந்தது இலங்கை மீது. 1963 பிப்ரவரியில் அமெரிக்க உதவி நின்றது. அழுத்தம் எதிர்விளைவையே தந்தது. கொழும்பு அரசு பின்வாங்காமல் மேலும் முன்னே போய், 1964 தொடக்கத்திலிருந்து எண்ணெய் இறக்குமதியையும் விற்பனையையும் முழுக்கக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைத்தது.

1965 மார்ச் தேர்தலில் ஆட்சி மாறியது. டட்லி சேனநாயக்க அரசு ஜூனில் ஏறத்தாழ 5.5 கோடி ரூபாய் இழப்பீட்டுக்கு உடன்பட்டதும் அமெரிக்க உதவி மீண்டும் வந்தது. ஆனால் அந்த அரசும் விற்பனை நிலையங்களை நிறுவனங்களிடம் திருப்பித் தரவில்லை. உதவித்தொகையை நிறுத்தி ஒரு சிறு நாட்டின் கொள்கையை மாற்றலாம் என்ற எண்ணத்துக்கு இதுவே போதிய மறுப்பு. அமெரிக்காவுக்கு மிஞ்சியது இழப்பீட்டுத் தொகை மட்டுமே.

கடற்படை விட்டுச்சென்ற சீனன்குடாக் குதங்களும் 1960களில் கூட்டுத்தாபனத்தின் வசம் வந்தன. உள்நாட்டுத் தேவைக்கு அவை மிகப் பெரியவை. பெரும்பாலான குதங்கள் வெறுமையாகவே கிடந்தன.

1987 கடிதங்கள்

1979 ஈரான் புரட்சிக்குப் பின் வளைகுடா எண்ணெய் வழியைப் படைபலத்தாலும் காப்போம் என அமெரிக்கா அறிவித்தது. இந்தியப் பெருங்கடலில் தியாகோ கார்சியா தளம் விரிவடைந்தது. இந்தச் சூழலில் ஜெயவர்தனே அரசு குதங்களை வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட முயன்றபோது புதுதில்லி அஞ்சியது. வணிகக் குத்தகை என்ற பெயரில் அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் நிலையம் தமிழகக் கரைக்கு அருகே உருவாகிவிடும் என்பதே அந்த அச்சம்.

1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தமிழர்கள் பெரும்பாலும் வடக்கு கிழக்கு இணைப்புக்காகவும் அமைதிப்படைக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனேயும் அன்று பரிமாறிய கடிதங்களைப் படித்தால் இந்தியாவின் இன்னொரு அக்கறை தெரியும். திருகோணமலையை இந்திய நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் படைப் பயன்பாட்டுக்கும் விடுவதில்லை, எண்ணெய்க் குதங்களைச் சீரமைத்து இயக்கும் பணி இரு நாடுகளின் கூட்டு முயற்சியாகவே நடக்கும் என்று அவை உறுதி கூறுகின்றன. ஈழத் தமிழரின் உரிமை பற்றிய உடன்பாட்டோடு துறைமுகமும் எண்ணெயும் சேர்த்தே பேசப்பட்டன என்பதை மறந்துவிட்டு அந்த ஒப்பந்தத்தை மதிப்பிட முடியாது.

பின்னர்

இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் இந்தக் கூட்டு முயற்சி காகிதத்தோடு நின்றது. போர்நிறுத்தத்துக்குப் பின் 2003இல் இந்தியன் ஆயிலின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசியிடம் குதங்களை 35 ஆண்டுகளுக்கு ஒப்படைக்க உடன்பாடு ஆயிற்று. அந்நிறுவனம் கீழ்த் தொகுதியை மட்டுமே பயன்படுத்தியது. மேல் தொகுதியைக் காடு மூடியது. 2022 ஜனவரியில் புதிய பங்கீடு கையெழுத்தானது. 14 குதங்கள் லங்கா ஐஓசிக்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, 61 குதங்கள் கூட்டுத்தாபனம் 51 விழுக்காடும் லங்கா ஐஓசி 49 விழுக்காடும் வைத்திருக்கும் கூட்டு நிறுவனத்துக்கு. அடுத்த மாதமே, எரிபொருள் வாங்க டாலர் இல்லாமல் தவித்த இலங்கைக்கு இந்தியா 50 கோடி டாலர் கடன் வசதி அளித்தது. 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக வளர்க்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன.