ஆய்லர் சுற்று

ஒரு கோட்டுருவின் ஏதேனும் ஒரு முனையில் தொடங்கி, ஒவ்வொரு விளிம்பையும் ஒரே முறை கடந்து, தொடங்கிய முனைக்கே திரும்பும் பாதை ஆய்லர் சுற்று எனப்படும். ஒரு முனையில் வந்து சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை அம்முனையின் படி. சுற்று உண்டா இல்லையா என்பதைப் பாதையைத் தேடிப் பார்க்காமல், படிகளைக் கொண்டே சொல்லிவிடலாம். விளிம்புகள் யாவும் ஒன்றோடொன்று தொடர்புற்றிருந்து, ஒவ்வொரு முனையின் படியும் இரட்டைப்படையாக இருந்தால் சுற்று உண்டு, இல்லையேல் இல்லை.

இக்கேள்வி பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தது. பிரெகல் ஆறு அந்நகரை நான்கு நிலப்பகுதிகளாகப் பிரித்திருந்தது. அவற்றை ஏழு பாலங்கள் இணைத்தன. ஒரு பாலத்தையும் இரு முறை மிதிக்காமல் ஏழையும் கடந்து வர முடியுமா என்று நகரத்தார் கேட்டுவந்தனர். லியோன்ஹார்டு ஆய்லர் 1735 ஆகஸ்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் விடையை முன்வைத்தார். கட்டுரை 1736ஆம் ஆண்டுத் தொகுதிக்கு உரியது; தொகுதி அச்சேறியது 1741இல்தான். டான்சிக் நகர மேயர் ஏலர் இப்புதிரைப் பற்றி அவருக்கு எழுதியபோது, கணிதத்தோடு இதற்கு அதிகத் தொடர்பில்லை என்றே ஆய்லர் 1736இல் பதில் எழுதினார். கோட்டுருவியல் இக்கட்டுரையிலிருந்தே தொடங்குகிறது.

இன்று பாடநூல்களில் காணும் புள்ளியும் கோடுமான படம் அக்கட்டுரையில் இல்லை. ஆய்லர் நிலப்பகுதிகளுக்கு எழுத்துகளை இட்டு, நடையை ஓர் எழுத்து வரிசையாகப் பார்த்தார். ஏழு பாலங்களைக் கடக்கும் நடைக்கு எட்டு எழுத்துகள் வேண்டும். ஐந்து பாலங்கள் சேரும் தீவின் எழுத்து அவ்வரிசையில் மூன்று முறை வந்தாக வேண்டும்; மும்மூன்று பாலங்கள் சேரும் மற்ற மூன்று பகுதிகளின் எழுத்துகள் இவ்விரண்டு முறை. கூட்டினால் ஒன்பது. எட்டு இடத்தில் ஒன்பது எழுத்து அடங்காது. ஆகவே தொடங்கிய இடத்துக்குத் திரும்பும் சுற்று மட்டுமன்று, திரும்பாத நடைகூட அங்கே முடியாது.

படி ஒற்றைப்படையானால் சுற்று இல்லை என்பதற்குக் காரணம் எளிது. ஒரு முனைக்குள் வரும்போது ஒரு விளிம்பு செலவாகிறது, வெளியேறும்போது இன்னொன்று. விளிம்புகள் இரண்டிரண்டாகவே தீரும். ஒற்றையாக ஒன்று மிஞ்சினால் அதன் வழியே வந்தவர் வெளியேற முடியாது. ஆனால் படிகள் இரட்டையாக இருந்தால் சுற்று கட்டாயம் கிடைக்கும் என்பதை ஆய்லர் முறையாக நிறுவவில்லை. அதைச் செய்தவர் கார்ல் ஹியர்ஹோல்சர். 1871இல் அவர் இறந்தபின், அவர் சொல்லக் கேட்டிருந்த சக அறிஞர்கள் நினைவிலிருந்து எழுதி 1873இல் வெளியிட்டனர். தேற்றத்தின் சரிபாதி அவருடையது. பெயரில்தான் பங்கு கிடைக்கவில்லை.

தெரு ஆய்வாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மேல் வரிசையில் அ, ஆ, இ. கீழ் வரிசையில் ஈ, உ, ஊ என ஆறு சந்திப்புகள். அஆ, ஆஇ, ஈஉ, உஊ, அஈ, ஆஉ, இஊ என ஏழு தெருக்கள். ஒவ்வொரு தெருவையும் ஒரு முறை நடந்து பார்த்து, வண்டி நிறுத்திய இடத்துக்கே அவர் திரும்ப வேண்டும். படிகள்: ஆ, உ இரண்டுக்கும் 3, மற்றவற்றுக்கு 2. கூட்டுத்தொகை 14, தெருக்களின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு. அப்படி வராவிட்டால் ஏதோ ஒரு தெரு எண்ணும்போது விடுபட்டிருக்கிறது அல்லது இரட்டித்திருக்கிறது.

இரு முனைகள் ஒற்றைப்படை, சுற்று இல்லை. ஆவில் தொடங்கி உவில் முடியும் நடை உண்டு. திரும்பியே ஆக வேண்டுமானால் ஆஉ தெருவை இரண்டு முறை நடப்பதே குறைந்த செலவு. படத்தில் அங்கே இன்னொரு கோடு சேர்த்தால் எல்லாப் படியும் இரட்டையாகிவிடும். இனி ஹியர்ஹோல்சர் வழி. அவில் தொடங்கி அ–ஆ–உ–ஈ–அ என்று ஒரு சுற்று மூடிக்கொள்கிறது. மிஞ்சிய தெருக்கள் ஆ–இ–ஊ–உ–ஆ என்று தனிச் சுற்றாகின்றன. பூச்சரத்தை நடுவில் பிரித்து இன்னொரு சரத்தைக் கோப்பதுபோல, முதல் சுற்றில் ஆ வந்ததும் இரண்டாவதைச் செருகினால் அ–ஆ–இ–ஊ–உ–ஆ–உ–ஈ–அ என்ற முழுப்பாதை கிடைக்கும்.

ஆய்வாளர் தெருவின் இரு ஓரங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தெருவும் இரு விளிம்பாகும். படிகள் எல்லாம் இரட்டிக்கும். எந்த ஊரிலும், தெருக்கள் தொடர்ந்திருக்கும்வரை, சுற்று உண்டு. தொடர்ச்சியைச் சோதிக்க மறப்பதே வழக்கமான பிழை. ஆய்வுப் பட்டியலில் உள்ள தெருக்கள் ரயில் பாதைக்கு இருபுறமும் பிரிந்து கிடந்தால், படிகள் யாவும் இரட்டையாக இருந்தும் ஒரே சுற்று அமையாது. ஒருவழித் தெருக்களிலோ, வரும் வழிகளும் போகும் வழிகளும் ஒவ்வொரு சந்திப்பிலும் சமமாக வேண்டும்.

ஒற்றைப்படை முனைகள் பல இருந்தால் எவற்றை இணை சேர்ப்பது என்பது தனிச் சிக்கல். அதைச் சீனக் கணிதர் குவான் மெய்கோ 1960இல் எழுப்பினார். எட்மண்ட்சும் ஜான்சனும் 1973இல் திறமான தீர்வுமுறை தந்தனர்.