பனையோலைப் பெட்டியும் கணினி வரைந்த படமும்

வன்னியில் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் சில இழைக்கும் பனையோலைப் பொருட்களை முகநூலில் விற்பதற்கு நான் உதவி வருகிறேன். அண்மைக்காலமாகப் பலரும் கைபேசியில் எடுத்த படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து, அழகான புதுப் படமாக மாற்றிப் போடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் செயலி பின்னணியோடு நிற்பதில்லை, பொருளையும் தன் எண்ணப்படி திரும்ப வரைந்துவிடுகிறது.

அண்மையில் ஒரு மூடிப் பெட்டியின் படம் வந்தது. உண்மையான பெட்டி 6 அங்குல அகலம், சிவப்புப் பட்டிகள் மூன்று, மூடியில் பிடி கிடையாது. செயலி தந்த படத்திலோ பட்டிகள் நான்கு, மூடியின் மேல் ஒரு குமிழ்ப் பிடி. பக்கத்தில் அதுவே வைத்த தேநீர்க் கோப்பையைப் போல நான்கு மடங்கு அகலத்தில் பெட்டி தெரிந்தது. கோப்பையின் வாய் ஏறக்குறைய 3 அங்குலம் என்றால், பார்ப்பவர் பெட்டியை 12 அங்குலம் என்றுதான் நினைப்பார். கீழே 6 அங்குலம் என்று எழுதியிருந்தாலும் கண் படத்தைத்தான் நம்பும். பொதி திரும்பி வந்தால் அனுப்பிய செலவும் இழைத்தவரின் தலையில்தான்.

ஆகவே பெட்டியை வெட்டியெடுத்துப் பின்னணியை மட்டும் மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். முழுப் படத்தையும் "அழகாக்கு" என்று கேட்க வேண்டாம். அளவைக் காட்டும் படத்தைச் செயலியிடம் கொடுக்கவே வேண்டாம். அடிமட்டத்தைப் பெட்டியோடு ஒட்டி வைத்து நீங்களே எடுங்கள்.

வந்த படத்தைப் பெரிதாக்கிப் பட்டிகளை எண்ணுங்கள். ஓலை ஒன்றின் மேலும் கீழும் மாறி மாறிப் போகிறதா என்று பாருங்கள். கணினி வரைந்த பின்னலில் இரண்டு ஓலைகள் நடுவில் கரைந்து ஒன்றாகிவிடும். கைப்பின்னலை அறிந்தவர் கண்ணுக்கு அது உடனே பிடிபடும். வாங்குபவருக்குப் பிடிபடாது.

நிறம்தான் கூடுதல் சிக்கல். மாலை வெயில் போன்ற பின்னணி போட்டால் குருத்தோலையின் வெண்மை பொன்னிறமாகும், சிவப்புச் சாயம் செம்மஞ்சளாகும். முதற்படத்தை நிழலான பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் வெள்ளைத் தாள் வைத்து எடுங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் பெட்டியின் நிறமும் பிழைத்துவிட்டது என்று அர்த்தம். செயலியின் படம் வந்ததும், கைபேசியின் இரவு ஒளி வசதியை நிறுத்திவிட்டு, பெட்டியைத் திரைக்கு அருகே பிடித்து ஒப்பிடுங்கள். வாங்குபவரின் திரை வேறு என்பதால் "கடும் சிவப்பு" என்று சொல்லிலும் எழுதுங்கள். கையால் இழைப்பது என்பதால் அளவு அரை அங்குலம் கூடிக் குறையலாம் என்றும் சேர்த்துவிடுங்கள்.

விளம்பரத்தின் முதற்படமாக உண்மையான படத்தையே வைப்பது என் பழக்கம். மற்றதன் கீழ் "பின்னணி கணினியால் உருவாக்கப்பட்டது" என்று எழுதுவேன். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது.